சொந்தப் படத்தைச் சொற்களில் சொல்லிப் பார்த்த பிறகே பிராம்ப்ட்

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு பிராம்ப்ட் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர்களே வரைந்த படத்தை முதலில் விவரிக்கச் சொல்லிவிட்டு, அதிலிருந்து பிராம்ப்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வகுப்பில் இதை எப்படி நடத்துவது? எங்கே சிக்கல் வரும்?

பதில்:

பிள்ளையிடம் நேரடியாகக் கருவியைக் கொடுத்து "ஏதாவது கேள்" என்றால், அது "ஒரு அழகான பூனை" என்று எழுதும், கருவியும் ஒரு பூனையைக் கொடுக்கும், பிள்ளை மகிழ்ந்துவிடும். அங்கே கற்றல் எதுவும் நிகழ்வதில்லை. தான் நினைத்த பூனைக்கும் வந்த பூனைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அளக்க அதனிடம் அளவுகோல் இல்லை என்பதே காரணம். மனத்திலிருக்கும் படம் மங்கலானது. திரையில் பளபளப்பான படம் வந்த உடனே, "நானும் இதைத்தான் நினைத்தேன்" என்று மனம் சமாதானமாகிவிடும். தாளில் வரைந்த படம் அப்படி மாறுவதில்லை. குடை நீல நிறம் என்றால் நீலமாகவே இருக்கும். சொற்கள் எதைச் சொன்னன, எதை விட்டன என்று ஒத்துப்பார்க்க அந்தத் தாள் கையில் இருப்பதால்தான் உங்கள் நண்பர் சொன்ன முறை பலன் தருகிறது.

ஆனால் "வரைந்ததை விவரி" என்பது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பத்து வயதுப் பிள்ளை தாளில் இருப்பதை விவரிப்பதில்லை; அந்தப் படத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த கதையைச் சொல்லும். இது அதன் குறையன்று. குழந்தை ஓவியங்களை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ழார்ழ்-ஆன்ரி லுகே, சிறுவர்கள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதைவிட அறிந்ததையே வரைகிறார்கள் என்று 1920களிலேயே விளக்கியிருக்கிறார். வீட்டின் சுவர் வழியே உள்ளிருக்கும் மனிதர்கள் தெரிவதும், குளத்தை மேலிருந்தும் மீனைப் பக்கவாட்டிலிருந்தும் ஒரே படத்தில் வரைவதும் அதனால்தான். வரையும்போது இப்படி என்றால், விவரிக்கும்போதும் அறிந்ததே முன்னால் வந்து நிற்கும். எனவே நீங்கள் உண்மையில் கற்றுக்கொடுக்க வேண்டியது, "எனக்குத் தெரிந்தது" எது, "தாளில் தெரிவது" எது என்று பிரிக்கும் பழக்கத்தையே. பிராம்ப்ட் எழுதுவதில் உள்ள பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டும் கலந்துவிடுவதால் வருபவை.

இதற்கு இரண்டு பாடவேளைகள் தேவை. முதல் வேளையில் கணினியே வேண்டாம். அரைத்தாளில் வரையச் சொல்லுங்கள். படத்தில் ஐந்து பொருள்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதியாக இருக்கட்டும். இல்லையென்றால் சிலர் இருபது பொருள்களை வரைந்துவிட்டு விவரிக்க முடியாமல் திணறுவார்கள். வரைய பதினைந்து நிமிடம் போதும். பிறகு, அடுத்தவர் பார்க்காதபடி தாளை மறைத்துக்கொண்டு, படத்தைப் பற்றி ஐந்தாறு வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். எப்படி எழுத வேண்டும் என்று முன்கூட்டியே எதையும் சொல்ல வேண்டாம். முதல் முயற்சி தவறாக வருவதே பாடத்துக்கு மூலப்பொருள்.

அடுத்த கட்டம்தான் இந்த முறையின் உயிர். பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, நடுவே ஒரு புத்தகத்தை நிறுத்துங்கள். ஒருவர் தாம் எழுதியதை மட்டும் படிக்க வேண்டும்; மற்றவர் அதைக் கேட்டு வேறொரு தாளில் வரைய வேண்டும். வரைபவர் கேள்வி கேட்கக் கூடாது. படிப்பவர் கையால் சைகை காட்டக் கூடாது. முடிந்ததும் இரண்டு தாள்களையும் அருகருகே வைக்க வேண்டும். கருவி செய்யப்போவதை ஒரு நண்பன் முதலில் செய்து காட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முக்கியமான வேறுபாடு, ஏன் அப்படி வரைந்தாய் என்று அவனைக் கேட்கலாம். கருவியைக் கேட்க முடியாது, கேட்டாலும் அது சொல்லும் காரணம் நம்பத்தக்கதன்று.

ஒரு மாணவியின் படத்தை முழுமையாகச் சொல்கிறேன். தாளின் நடுவில் குறுக்காகச் செங்கல் சுவர். சுவரின் மேல் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை. படத்தில் உள்ள எல்லாவற்றையும்விட அதுதான் பெரியது. அதன் வால் சுவரின் முன்பக்கம் தொங்கியது. கீழே வலப்பக்கம் ஒரு சிறுவன், நீலக் குடையுடன், தலையை நிமிர்த்திப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாய்ந்த கோடுகளாக மழை. அவள் எழுதியது இது:

"இது எங்கள் பூனை. மழையில் நனைந்துவிட்டது. கீழே வர மாட்டேன் என்கிறது. தம்பி கூப்பிடுகிறான். அவனுக்குப் பயமாக இருக்கிறது."

வாசகமாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் கேட்ட தோழி வரைந்தது: ஒரு மரத்தின் உச்சியில் சின்னப் பூனை, தொலைவில் வீட்டு வாசலில் அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தை. குடை இல்லை, சுவர் இல்லை. "மரம் என்று நான் சொல்லவே இல்லையே" என்று இவள் கோபப்பட்டாள். "கீழே வர மாட்டேன் என்று சொன்னாயே, பூனை வேறு எங்கே ஏறும்?" என்றாள் தோழி. அந்த ஒரு பதிலில் பாடத்தின் பாதி முடிந்துவிட்டது. சொல்லாமல் விட்ட இடம் வெற்றிடமாக இருக்காது, கேட்பவர் தமக்குப் பழக்கமான ஒன்றை அங்கே வைத்துவிடுவார் என்பதை நான் விளக்கியிருந்தால் அவ்வளவு எளிதில் புரிந்திருக்காது.

இதற்குப் பிறகு வரைந்தவருக்கு மூன்று கேள்விகள் கேட்க அனுமதி கொடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் எது முக்கியம் என்று யோசிப்பார்கள். அந்தத் தோழி கேட்டவை: பூனை எதன்மேல் இருக்கிறது? தம்பி எந்தப் பக்கம் நிற்கிறான்? அவன் கையில் ஏதாவது இருக்கிறதா? எழுதியவள் எதை விட்டாள் என்பதற்கான பட்டியல் இந்தக் கேள்விகளிலேயே இருக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்த வேண்டிய தேவையே எழவில்லை.

பிறகு முதல் எழுத்தை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும், "இதைத் தாளில் விரல் வைத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். "எங்கள் பூனை": பூனையைக் காட்டலாம், "எங்கள்" என்பதைக் காட்ட முடியாது. "கீழே வர மாட்டேன் என்கிறது": காட்ட முடியாது. "தம்பி": ஒரு சிறுவனைக் காட்டலாம், உறவைக் காட்ட முடியாது. "பயமாக இருக்கிறது" என்பதில் சற்று நின்று பேசுவது நல்லது. பயத்தைக் காட்ட முடியாதுதான். ஆனால் பயம் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "வாய் திறந்திருக்கிறது, புருவம் மேலே போயிருக்கிறது" என்று பிள்ளை சொல்லும். பயம், கோபம் போன்ற சொற்களைக் கருவிகள் ஓரளவு புரிந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனாலும் காதுகளைப் பின்னால் மடித்த பூனை என்பது, கோபமான பூனை என்பதைவிட வரைந்தவரின் எண்ணத்துக்கு நெருக்கமாக வரும். காட்ட முடியாத வாக்கியங்களை அழிக்கச் சொல்ல வேண்டாம். அவற்றைத் தனியாக ஒரு பக்கம் எழுதிவைக்கட்டும். அது கதை, அவர்களுடையது. பிராம்ப்ட்டில் அதற்கு வேலையில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய இரண்டாவது எழுத்து இப்படி வந்தது:

"படத்தின் நடுவில் குறுக்காக ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. சுவரின் மேல் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை உட்கார்ந்திருக்கிறது. பூனை சிறுவனைவிடப் பெரியது. பூனையின் வால் சுவரின் முன்பக்கம் தொங்குகிறது. சுவருக்கு முன்னால், படத்தின் வலப்பக்கத்தில், ஒரு சிறுவன் நிற்கிறான். சிறுவனின் கையில் நீலக் குடை இருக்கிறது. சிறுவன் தலையை நிமிர்த்திப் பூனையைப் பார்க்கிறான். மழை சாய்வாகப் பெய்கிறது. மெழுகு வண்ணக் குச்சியால் சிறுவர்கள் வரைவது போன்ற படம்."

இதில் மூன்று இடங்களில் நான் தலையிட்டேன். முதலாவது, "வலப்பக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தாள். யாருக்கு வலம்? நம்மைப் பார்த்து நிற்கும் ஒருவனுடைய வலக்கை, நமக்கு இடப்பக்கத்தில் இருக்கும். எனவே "படத்தின் வலப்பக்கம்" என்றே எழுதுவது என்று வகுப்பு முழுவதற்கும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். இரண்டாவது, தமிழுக்கே உரிய ஒரு வழுக்கல். "நனைந்த சிறுவனின் பூனை" என்று எழுதினால் நனைந்தது சிறுவனா, பூனையா? பெயருக்கு முன்னால் அடைகளை அடுக்கும் நம் வாக்கிய அமைப்பில், எந்த அடை எந்தப் பெயரைச் சேர்கிறது என்பது பேசும்போது குரலால் விளங்கும்; எழுத்தில் விளங்காது. "அது", "அவன்" என்ற சுட்டுப் பெயர்களும் அப்படியே. ஒரு வாக்கியத்தில் ஒரு பொருள், அதன் நிறமும் இடமும் அதே வாக்கியத்தில், சுட்டுப் பெயருக்குப் பதில் பெயரையே திரும்பச் சொல்வது என்று பழக்கினால் போதும். கட்டுரை எழுதும்போது இது சலிப்பூட்டும் நடைதான். இரண்டும் வேறு வேறு எழுத்துகள் என்பதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய கட்டுரைகளும் பட்டியலாகிவிடும்.

மூன்றாவது, கடைசி வாக்கியம். எந்தப் பிள்ளையும் அதைத் தானாக எழுதுவதில்லை. தான் வரைந்ததைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணுக்குப் பூனைதான் தெரிகிறது, மெழுகுக் குச்சியின் கோடு தெரிவதில்லை. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் கருவி புகைப்படம் போன்ற ஒன்றையோ, அசைபடத்தில் வருவது போன்ற ஒன்றையோ தரும். "இதே பூனையைப் புகைப்படமாக எடுத்தால் என்ன மாறும்?" என்று கேட்டபோதுதான் படம் எதனால் ஆனது என்பது அவளுடைய கண்ணில் பட்டது.

இரண்டாவது பாடவேளையில் கருவிக்கு வரலாம். தட்டச்சு செய்வது நீங்களாகவே இருங்கள். இத்தகைய சேவைகள் பலவற்றில் கணக்கு வைத்திருக்கக் குறைந்தபட்ச வயது 13. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வயது இல்லை. பெயர், பள்ளி, புகைப்படம் எதுவும் உள்ளே போகக் கூடாது. பிள்ளையின் ஓவியத்தைப் படமெடுத்துக் கருவியில் ஏற்றவும் வேண்டாம். அப்படி ஏற்றினால் கருவி படத்தையே பார்த்துவிடும். சொற்களுக்கு வேலை இல்லாமல் போகும், பயிற்சியின் நோக்கமே கெட்டுவிடும்.

ஒரே பிராம்ப்ட்டுக்கு நான்கு படங்களைப் பெறுங்கள். பெரும்பாலான கருவிகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தற்செயலான புள்ளிக் கலவையிலிருந்து படத்தை உருவாக்கத் தொடங்குவதால், அதே சொற்களுக்கு வேறு வேறு படங்கள் வரும். தொந்தரவு போலத் தோன்றும் இந்தப் பண்புதான் வகுப்பில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த கருவி. நான்கு படங்களிலும் மாறாமல் இருப்பது எது, மாறிக்கொண்டே இருப்பது எது என்று பிள்ளைகளைத் தேட வைக்கலாம்.

அந்த மாணவிக்கு வந்த நான்கு படங்களிலும் செங்கல் சுவர் இருந்தது, ஆரஞ்சுப் பூனை இருந்தது, நீலக் குடை இருந்தது. அவை சொல்லப்பட்டவை, சரியாகவும் வந்தவை. ஒரு படத்தில் இரவு, மற்றவற்றில் பகல். ஒன்றில் சிறுவனுக்கு ஐந்து வயது, இன்னொன்றில் பதினான்கு வயது போலிருந்தது. இவை சொல்லப்படாதவை, எனவே அலைபாய்ந்தவை. அவள் உடனே "பகல் நேரம், ஆறு வயதுச் சிறுவன்" என்று எழுத விரும்பினாள். எழுதச் சொன்னேன். ஆனால் மழைச் சட்டையைப் பற்றி அவள் எதுவுமே சொல்லவில்லை. நான்கு படங்களிலும் சிறுவன் மஞ்சள் மழைச் சட்டை போட்டிருந்தான்! இந்த வகையைத் தனியாகப் பேச வேண்டும். சொல்லாமலே நான்கிலும் ஒன்றுபோல வருவது, கருவி கற்ற படங்களில் திரும்பத் திரும்ப வந்த வழக்கம். மழையில் நிற்கும் சிறுவன் என்றால் மஞ்சள் சட்டை என்று அது பழகியிருக்கிறது. தோழி மரத்தை வரைந்தது போலத்தான். மனிதர்களின் தோல் நிறம், உடை, வீட்டின் வடிவம், மருத்துவர் ஆணா பெண்ணா என்பவை எல்லாம் இந்த வழியாகவே உள்ளே வருகின்றன. பத்து வயதுப் பிள்ளையிடம் பாரபட்சம் என்ற பெரிய சொல்லைச் சொல்வதைவிட, "நீ சொல்லாமலே எல்லாவற்றிலும் வந்தது எது?" என்று கேட்பது நல்லது.

மீதமிருப்பது, சொல்லியும் தவறாக வந்தவை. பூனை சிறுவனைவிடப் பெரியது என்று தெளிவாக எழுதியிருந்தும், மூன்று படங்களில் பூனை பூனையளவுதான் இருந்தது. ஒரு படத்தில் நீலம் குடையோடு நிற்காமல் சுவருக்கும் பரவியிருந்தது. இரண்டு படங்களில் சிறுவன் பூனையைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துச் சிரித்தான். இங்கே பிள்ளை தன்மேல் பழி போட்டுக்கொள்ளக் கூடாது. உலகில் வழக்கமில்லாத அளவு, இரண்டு மூன்றுக்கு மேற்பட்ட எண்ணிக்கை, நிறம் எந்தப் பொருளுடையது என்ற பிணைப்பு, யார் யாரைப் பார்க்கிறார் என்ற உறவு ஆகியவற்றில் இந்தக் கருவிகள் சறுக்குவது நன்கு அறியப்பட்டது. புதிய கருவிகளில் குறைந்திருந்தாலும் முற்றிலும் போய்விடவில்லை. "இல்லை" என்ற சொல்லும் அப்படியே. "நாய் இல்லை" என்று எழுதினால் பல கருவிகளில் நாய் வந்து நிற்கும், ஏனெனில் நாய் என்ற சொல் உள்ளே போய்விட்டது. எது இல்லை என்பதை விட்டுவிட்டு எது இருக்கிறது என்று எழுதுவதே பாதுகாப்பு. தாளில் விரல் வைத்துக் காட்டும் விதி இங்கேயும் உதவுகிறது: இல்லாத நாயைத் தாளில் காட்ட முடியாதல்லவா?

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பூனையின் அளவைத்தான் தேர்ந்தெடுத்தாள். "பூனை சிறுவனைவிடப் பெரியது" என்பதை, "சுவரின் நீளம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, யானையைப் போலப் பெரிய பூனை உட்கார்ந்திருக்கிறது" என்று மாற்றினாள். அளவு மூன்று படங்களில் சரியாக வந்தது. ஆனால் ஒன்றில் பூனைக்குத் தும்பிக்கை முளைத்தது. வகுப்பே சிரித்தது. உவமைக்குக் கொண்டுவந்த பொருளும் படத்துக்குள் நுழைந்துவிடலாம் என்பதை அவர்கள் அன்று தாமாகவே கண்டுபிடித்தார்கள். மூன்றாம் சுற்றில் யானையை எடுத்துவிட்டு, "சிறுவனைப் போல் மூன்று மடங்கு பெரிய பூனை" என்று எழுதினாள். நான்கில் இரண்டு சரியாக இருந்தன. அங்கே நிறுத்தினேன். மூன்று சுற்றுகளுக்குப் பிறகு பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிட்டு, அதிர்ஷ்டச் சீட்டு இழுப்பதைப் போலப் பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

நீங்கள் பயன்படுத்தும் கருவியைப் பற்றி முன்கூட்டியே இரண்டு விஷயங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அது பிராம்ப்ட்டைத் தானாக மாற்றி எழுதுகிறதா என்பது. 2023இல் வெளிவந்த டால்-ஈ 3 போன்ற கருவிகளில், நீங்கள் எழுதிய வாக்கியத்தை, எழுத்தைக் கையாளும் வேறொரு செயற்கை நுண்ணறிவு விரிவாக்கி எழுதிய பிறகே படம் உருவாகிறது. பொதுப் பயனருக்கு இது வசதி. நம் பயிற்சிக்கு இது பகை. பிள்ளை விட்ட ஓட்டைகளை வேறு யாரோ அடைத்துவிடுவதால், மோசமான பிராம்ப்ட்டும் நல்ல படத்தைத் தந்துவிடும். "பூனை" என்ற ஒரே சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். வெயில் படும் ஜன்னலும் மெத்தையும் பூச்சட்டியுமாக ஒரு முழுக் காட்சி வந்தால், இடையில் யாரோ எழுதியிருக்கக்கூடும் என்று கொள்ளலாம். மாற்றாமல் அப்படியே பயன்படுத்து என்று சேர்த்து எழுதினால் ஓரளவு கேட்கும், எப்போதும் கேட்காது. மாற்றி எழுதிய வாசகத்தைக் காட்டும் கருவியாக இருந்தால், அதையும் வகுப்பில் படித்து, "இதில் நீ சொல்லாத சொற்கள் எவை?" என்று அடிக்கோடிடச் சொல்லலாம்.

இன்னொன்று தமிழ். சில கருவிகள் தமிழை நன்றாகவே ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. 2022இல் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் சொற்களைப் படிக்கும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்றது; அது சொற்களைச் சிறு துண்டுகளாக உடைத்து, ஒரு பிராம்ப்ட்டில் 77 துண்டுகள் வரைதான் படிக்கும். ஓர் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஓரிரு துண்டுகளில் அடங்கிவிடும். தமிழிலோ ஓர் எழுத்தே பல துண்டுகளாக உடையக்கூடும். இத்தகைய கருவியில் தமிழில் எழுதினால் முதல் வாக்கியத்துக்குள்ளேயே இடம் தீர்ந்துவிடும், பொருளும் புரியாது. அப்போது நீங்கள் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்ய நேரும். அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: பிள்ளை "சுவர்" என்று மட்டும் எழுதியிருந்தால் நீங்களும் சுவர் என்று மட்டுமே எழுத வேண்டும். "பழைய செங்கல் சுவர்" என்று கை தானாகப் போகும். அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கே இந்தச் சறுக்கல் நேர்கிறது, எனக்கும் நேர்ந்திருக்கிறது.

உங்களுக்கு எதிர்பாராமல் வரக்கூடிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். திரையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தன் படத்தைக் கசக்கிப் போடும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும். முதல் முறை நடத்தியபோது எனக்கு இது நேர்ந்தது. திரையை முன்னால் பெரிதாகக் காட்டிவிட்டுத் தாள்களை மேசைக்குள் வைக்கச் சொன்னது என் பிழை. இப்போது தாள்களைப் பலகையில் ஒட்டிவைத்து, அவற்றுக்குக் கீழே கருவியின் படங்களை அச்சிட்டு ஒட்டுகிறேன். மதிப்பெண் போடுவது பிள்ளைகள். மதிப்பெண் வாங்குவது கருவி. சுவருக்கு ஒரு மதிப்பெண், பூனையின் அளவுக்கு ஒன்று, பார்வையின் திசைக்கு ஒன்று என்று பத்துக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். அந்த மாணவியின் படத்துக்குக் கருவி வாங்கியது பத்துக்கு ஏழு. வால் சுவரின் பின்பக்கம் போய்விட்டதாம். அதற்கு அவள் அரை மதிப்பெண்கூடத் தரவில்லை.

நீங்கள் மதிப்பெண் தர வேண்டியிருந்தால் இறுதியாக வந்த படத்துக்குத் தராதீர்கள். அதில் தற்செயலின் பங்கு அதிகம். முதல் எழுத்தையும் இரண்டாவது எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோழனின் மூன்று கேள்விகளுக்கும் இரண்டாவதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். எழுதத் தடுமாறும் பிள்ளைகள் வாயால் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவர்களுடைய விவரிப்பு பல நேரம் நன்றாக எழுதுபவர்களுடையதைவிடத் துல்லியமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன், ஏனெனில் அவர்கள் கட்டுரை நடைக்குள் போகாமல் தாளைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். ஒரு வாரம் கழித்து, இரண்டாவது எழுத்தை மட்டும் வேறு பிரிவுப் பிள்ளைகளிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். சுவரும் குடையும் பூனையின் வாலும் அவரவர் இடத்தில் வந்தால், எழுத்து சரி.